கம்பியில் காத்திருக்கும் தகைவிலான்கள்

ஆகஸ்ட் முடியும்போது இங்கிலாந்துக் கிராமங்களில் மின்கம்பிகள் கறுத்துப்போகும். மாட்டுத் தொழுவங்களின் உத்தரங்களில் சேற்றால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்த தகைவிலான் குருவிகள் நூற்றுக்கணக்கில் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் அவை தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர் தூரம். 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்டு என்ற வழக்கறிஞர் காலில் வளையம் மாட்டி விட்ட ஒரு குருவி, 1912 டிசம்பரில் நேட்டால் பகுதியின் பண்ணை ஒன்றில் பிடிபட்டது. அவை எங்கே போகின்றன என்பதற்கு அப்போதுதான் கையில் ஆதாரம் கிடைத்தது.

எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே நாளில் புறப்படத்தான் இப்படிக் கூடுகின்றன என்று பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் கம்பி அவற்றுக்குப் பகல் நேரத் தங்குமிடம், அவ்வளவுதான்.

தகைவிலானின் கால்கள் மிகக் குட்டை. கூட்டுக்குச் சேறு எடுக்க இறங்குவதைத் தவிர அது தரையை நாடுவது குறைவு, நடையும் தடுமாற்றம்தான். இறக்கைகளோ நீளமானவை. இலையடர்ந்த கிளைக்குள் அவற்றை விரித்து மடக்க இடம் போதாது. கம்பி அதன் சிறு விரல்களின் பிடிக்கு அடங்கும், சுற்றிலும் வெட்டவெளி, சற்றே முன்னால் சாய்ந்தால் போதும், பறந்துவிடலாம். வல்லூறு வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். கம்பிகள் வருவதற்கு முன்பு பட்ட மரங்களின் உச்சியும் கூரை முகடும் இதே வேலைக்குப் பயன்பட்டன. நம் வயல்களின் ஓரத்தில் பனிக்காலம் கழிக்க வரும் தகைவிலான்கள் மின்கம்பியைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணங்களால்தான்.

வரிசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். காற்று பலமாக வீசினால் பெரும்பாலும் எல்லாம் காற்றை எதிர்த்தே முகம் திருப்பியிருக்கும். பின்னாலிருந்து அடித்தால் இறகு கலையும். எதிர்க்காற்றில் எழும்புவதும் எளிது. பக்கத்துக் குருவியின் அலகு எட்டாத அளவுக்கு இடைவெளி விட்டு உட்காரும். ஒன்று நெருங்கி வந்தால் அடுத்தது கொத்த வரும், அல்லது நகர்ந்துகொள்ளும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் அவை அநேகமாக ஒரே கூட்டுக் குஞ்சுகள். வால் குட்டையாகவும் நெற்றியும் தொண்டையும் வெளிறியும் இருப்பதே அடையாளம். கூட்டை விட்டு வந்த புதிதில் தாயும் தந்தையும் கம்பிக்கே பூச்சி கொண்டுவந்து ஊட்டும்.

இப்படி வெளிவரும் குஞ்சுகளால்தான் கோடைக் கடைசியில் கூட்டம் பெருகுகிறது. ஒரு ஜோடி அந்தப் பருவத்தில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை குஞ்சு பொரிக்கும். கூடு என்ற கட்டு விட்டுப்போனதும் எல்லாம் வெளியே வருகின்றன. காலையில் வெயில் காய்வது, இறகு கோதுவது, பூச்சி பிடிப்பது, மறுபடி வந்து உட்காருவது. மாலையானதும் நாணல் காடுகளுக்குப் போய் ஆயிரக்கணக்கில் அடையும். அங்கே இன்று இருப்பவை எல்லாம் நேற்று இருந்தவை அல்ல. சில தெற்கே போய்விட, வடக்கிலிருந்து வேறு சில வந்து சேர்ந்திருக்கும். கம்பியில் எண்ணிக்கை குறையாமல் இருக்கும்போதே பயணம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும். நீர்ப்பரப்பின் மேல் மாலையில் இறங்கிய கூட்டம் சில நாளில் காணாமல் போவதைப் பார்த்தவர்கள், அவை தண்ணீருக்கடியில் உறங்குவதாக நெடுங்காலம் நம்பினார்கள். ஒலாஸ் மாக்னஸ் 1555இல் வெளியிட்ட நூலில், மீனவர்கள் வலையில் தகைவிலான்களை இழுப்பதாகப் படமே உண்டு.

கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது முதலில் பகலின் நீளம். பகல் குறையக் குறைய உடலுக்குள் பரபரப்பு கூடும், தீனியும் கூடும். தகைவிலான் பகலில் பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்னும் என்பதால், இங்கிலாந்திலிருந்து புறப்படும்போதே பெரிய சேமிப்பு தேவையில்லை. மத்தியதரைக் கடலும் சஹாராவும் எதிர்ப்படும் முன்புதான் கொழுப்பு ஏற வேண்டும். வளையம் மாட்டுபவர்கள் குருவியைக் கையில் பிடித்து வயிற்று இறகுகளை ஊதி விலக்குவார்கள். மெல்லிய தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால் அது பாலைவனத்துக்குத் தயார்.

கம்பியில் நெருக்கமாக உட்கார்ந்திருப்பதெல்லாம் பயண ஆயத்தமும் அல்ல. குளிரிலும் மழையிலும் பூச்சிகள் பறப்பதில்லை. அப்போது குருவிகள் இறகை உப்பி, நண்பகலிலும் அசையாமல், இடைவெளி மறந்து ஒட்டி உட்கார்ந்திருந்தால் அது பட்டினி. 1974 இலையுதிர்காலத்தில் மத்திய ஐரோப்பாவில் குளிர் முன்கூட்டியே இறங்கியபோது இதுதான் நடந்தது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட வலுவில்லாமல் தகைவிலான்கள் பெருந்தொகையாகச் சுருண்டு விழுந்தன. மக்கள் அவற்றைப் பொறுக்கி அட்டைப் பெட்டிகளில் அடைத்தார்கள்; ரயிலிலும் விமானத்திலும் லட்சக்கணக்கில் மலைக்குத் தெற்கே கொண்டுபோய், பூச்சி பறக்கும் வெயிலில் திறந்துவிட்டார்கள்.