மாதம் ஒரு சதவீதம் என்றால் வருடத்துக்கு எவ்வளவு?

கிரெடிட் கார்டைத் தேய்த்து 60,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கிய ஒருவருக்கு, சில நாட்களில் செல்போனில் ஒரு செய்தி வருகிறது. ‘மாதம் 1 சதவீத ஃப்ளாட் வட்டி, 12 தவணை, மாதம் 5,600 ரூபாய் மட்டுமே.’ படித்ததும் மனம் போடும் கணக்கு, வருடத்துக்கு 12 சதவீதம் என்பதுதான். பல தனிநபர் கடன்களின் வட்டியைவிடக் குறைவாகத் தெரிவதால் விரல் ‘சம்மதம்’ பக்கம் போய்விடுகிறது.

அந்த 12 சதவீதம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்க்கு மாதம் 600 வீதம் 12 மாதத்துக்கு 7,200 ரூபாய் வட்டி. அதை அசலோடு கூட்டி 12ஆல் வகுத்தால் 5,600. கூட்டல், வகுத்தலில் பிழையே இல்லை. ஆனால் 60,000 ரூபாய் முழுதும் வருடம் முழுவதும் அவர் கையில் இருப்பதில்லை. முதல் தவணை கட்டியதிலிருந்தே கடன் குறைந்துகொண்டே வருகிறது. கடைசித் தவணைக்கு முன் பாக்கி சுமார் 5,500தான். வட்டியை மட்டும், திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து விதிக்கிறார்கள்.

மனக்கணக்காகவே இதைச் சரிபார்க்கலாம். அசலில் மாதம் 5,000 குறைவதாக வைத்துக்கொண்டால், வருடம் முழுவதற்குமான சராசரிக் கடன் 32,500 ரூபாய். அதற்கு 7,200 ரூபாய் வட்டி என்றால் 22 சதவீதம் வருகிறது. துல்லியமாகப் பார்க்க, எக்ஸெலிலோ கூகுள் ஷீட்ஸிலோ இந்த ஒரு வரி போதும்:

```
=RATE(12,-5600,60000)*12
```

விடை சுமார் 21.5 சதவீதம். விளம்பரத்தில் சொன்னதைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. ஃப்ளாட் விகிதத்தில் எந்த 12 மாதத் தவணை வந்தாலும், 1.8ஆல் பெருக்கிப் பார்த்தால் உண்மை வட்டி எங்கே இருக்கும் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

இத்தோடு முடிவதில்லை. இந்தியாவில் சாதாரண வங்கிக் கடனின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு உண்டு, 18 சதவீதம். ஆகவே 7,200 ரூபாய் வட்டியின் மேல் இன்னும் 1,296 ரூபாய் ஏறுகிறது. ‘மாதம் 5,600 மட்டுமே’ என்ற தொகையில் இது சேரவில்லை. முதல் மாதத் தவணையில் வட்டிப் பங்கு 1,073 ரூபாய் என்பதால், அதற்கான வரி 193 ரூபாய் ஸ்டேட்மென்டில் தனி வரியாக வந்து நிற்கும். வரியோடு சேர்த்துப் பார்த்தால் வட்டி 25 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பிராசஸிங் கட்டணம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வரியோடு 708 ரூபாய் முதலிலேயே போகிறது. எல்லாம் சேர்ந்து அவர் கூடுதலாகக் கொடுப்பது 9,204 ரூபாய். உண்மையான ஆண்டுச் செலவு 27.7 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 12 என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

‘நோ காஸ்ட்’ தவணைக்கும் இதே கவனம் வேண்டும். பூஜ்ய சதவீதத் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமாக உருமாற்றி மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே எச்சரித்தது. அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தவணையாக மாற்றும் முன்பே தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது அதன் 2022ஆம் ஆண்டு விதி. அந்த விவரம் திரையில் தெரியாவிட்டால் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாக ஏற்றுக்கொண்டாலும், வட்டிக்கான ஜி.எஸ்.டி. பொதுவாக வாங்குபவர் தலையில்தான் விழும். முழுப் பணத்தையும் உடனே கொடுத்தால் விலை குறையுமா என்று கடையில் கேட்பதும் அவசியம். அப்படிக் கைவிடும் தள்ளுபடியும் வட்டிதான்.

இதனால் தவணையே கூடாது என்றாகாது. பில்லில் மினிமம் டியூவை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போடுபவருக்குப் பல கார்டுகளில் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவருக்கு 27.7கூட நிம்மதிதான். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்ட முடிந்தவருக்கோ அது தேவையில்லாத செலவு. இடையில் இருப்பவர், தனக்குக் கிடைக்கக்கூடிய தனிநபர் கடன் அல்லது நகைக் கடனின் ஆண்டு வட்டியோடு ஒப்பிட வேண்டியது 27.7ஐ, 12ஐ அல்ல.

ஆறு மாதத்தில் போனஸ் வந்ததும் அடைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு தவணைகளில் 33,600 ரூபாய் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 31,600. வட்டியின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வசூலாகிவிடுகிறது. மீதி ஆறு மாதத்துக்கான வட்டியும் வரியும் 2,370 ரூபாய் அளவில் மிச்சமாகும். ஆனால் முன்கூட்டியே முடிக்க 3 சதவீதக் கட்டணமும் அதற்கு வரியும் இருந்தால் 1,120 ரூபாய் அதில் கழிந்துவிடும். சம்மதம் சொல்வதற்கு முன்பே அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.