முகப்பில் கண்டவரும் தேடி வந்தவரும்

வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பதைப் பற்றித் தமிழில் வீடியோ போடும் ஒரு யூடியூப் சேனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேனலை நடத்துபவர் மாதக் கடைசியில் Studio பக்கத்தைத் திறக்கிறார். போன மாதம் 5.2 சதவீதமாக இருந்த கிளிக் விகிதம் இந்த மாதம் 4.7 ஆகிவிட்டது. தம்ப்நெயில் எடுபடவில்லை, தலைப்பு மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களின் படத்தையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார். சிறு சேனல் நடத்தும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். அவருடைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு தவறான முடிவு என்பது தெரியும்.

போன மாதம் யூடியூபின் ஹோம் பக்கத்தில் அவருடைய தம்ப்நெயில்கள் 20,000 முறை காட்டப்பட்டன. நூற்றுக்கு 4 பேர் அழுத்தினார்கள், 800 பார்வைகள். தேடல் முடிவுகளில் 5,000 முறை காட்டப்பட்டன. அங்கே நூற்றுக்கு 10 பேர், 500 பார்வைகள். மொத்தம் 25,000-க்கு 1,300, அதாவது 5.2 சதவீதம். இந்த மாதம் ஹோம் பக்கத்தில் 60,000 முறை, விகிதம் 4.2, பார்வைகள் 2,520. தேடலில் அதே 5,000, விகிதம் 10.5; பார்வைகள் 525. மொத்தம் 65,000-க்கு 3,045. விகிதம் 4.7 என்றுதான் வரும். ஹோமில் கூடியிருக்கிறது, தேடலிலும் கூடியிருக்கிறது, பார்வைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கின்றன. ஆனாலும் சராசரி இறங்கிவிட்டது. இயல்பிலேயே விகிதம் குறைவாக இருக்கும் ஹோமின் பங்கு பெருத்ததுதான் ஒரே காரணம்.

ஆக, அந்த ஒற்றைச் சராசரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு இடத்து இம்ப்ரெஷனுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் இரண்டும் பிறக்கும் விதம் வேறு.

இம்ப்ரெஷன் என்பதை யூடியூப் தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. தம்ப்நெயிலில் பாதியாவது திரையில் தெரிய வேண்டும். ஒரு நொடிக்கு மேல் தெரிய வேண்டும். அப்போதுதான் ஒன்று என்று எண்ணப்படும். நோட்டிஃபிகேஷன், வீடியோ முடியும்போது வரும் பெட்டிகள், வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு போன்றவை இந்தக் கணக்கில் சேராது. பார்வைகளின் மொத்தமும் இம்ப்ரெஷன் கணக்கும் ஒத்துப்போகவில்லையே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் விடை.

ஹோம் பக்கத்தில் நம் வீடியோவைக் கேட்டவர் யாரும் இல்லை. இரவு சாப்பாடு முடிந்து படுக்கையில் சாய்ந்து, கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவரின் கண்ணில் அது தானாக வந்து நிற்கிறது. அவர் முன்பு எதைப் பார்த்தார், எதைப் பாதியில் விட்டார் என்பதை வைத்து யூடியூப் அவருக்காக ஊகித்து வைத்த பட்டியல் அது. அந்த ஊகம் பார்த்த வரலாற்றை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வரலாற்றை அணைத்துவைத்து, பழைய வரலாறும் போதிய அளவு இல்லாதவர்களுக்கு ஹோம் பக்கத்தைக் கிட்டத்தட்ட வெறுமையாகவே காட்டப்போவதாக 2023 ஆகஸ்டில் யூடியூப் அறிவித்தது. தேடல் பெட்டி மட்டும் அவர்களுக்கு வழக்கம்போலக் கிடைக்கும்.

இந்த ஊகம் சிறுகச் சிறுகத்தான் விரியும். புதிய வீடியோவைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர்கள் சேனலின் பழைய பார்வையாளர்கள். முகம் தெரிந்தவர்கள், குரல் தெரிந்தவர்கள். அவர்கள் அழுத்தி, உட்கார்ந்து பார்த்தால் அடுத்த வட்டத்துக்குப் போகிறது. அடுத்த வட்டத்தார் வீட்டுச் சாமான்கள் பற்றி எதையாவது பார்ப்பவர்கள்; இந்தச் சேனலை அறியாதவர்கள். அதற்கும் அடுத்த வட்டம் இன்னும் அந்நியம். வட்டம் விரிய விரியக் கிளிக் விகிதம் இறங்கத்தான் செய்யும். “10 வருட மெஷினைப் பிரித்தோம், உள்ளே இவ்வளவு அழுக்கு” என்ற வீடியோ முதல் நாள் 2,000 முறை காட்டப்பட்டு 9 சதவீதம் வாங்கலாம். நான்காம் நாள் 40,000 முறை காட்டப்பட்டு 3.5 சதவீதத்துக்கு இறங்கலாம். முதல் நாள் 180 பார்வைகள், நான்காம் நாள் 1,400. இறங்கிய விகிதத்தைப் பார்த்து அன்றைக்கே தம்ப்நெயிலை மாற்றுவது, ஏறிக்கொண்டிருக்கும் வண்டியின் சாவியைப் பிடுங்குவதற்குச் சமம்.

ஹோம் இம்ப்ரெஷனை அதனால் இரண்டு கேள்விகளோடு பார்க்க வேண்டும். முதலாவது, இம்ப்ரெஷன் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறதா, இல்லை இரண்டாம் நாளே படுத்துவிட்டதா? ஏறிக்கொண்டே விகிதம் இறங்கினால் அது விரிவு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் வீடியோவை முதல் வட்டமே ஏற்கவில்லை என்று பொருள். இரண்டாவது, அழுத்தியவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள்? விகிதம் நன்றாக இருந்தும், 10 நிமிட வீடியோவில் பெரும்பாலோர் முதல் 30 நொடியில் வெளியேறினால், படம் கொடுத்த வாக்கை வீடியோ காப்பாற்றவில்லை. 2012-லேயே யூடியூப் பரிந்துரைகளில் பார்வைகளின் எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரத்துக்கு எடை கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஏமாற்றுப் படத்தால் கிடைக்கும் கிளிக் நெடுநாள் நிற்காது. ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை சோதித்துப் பார்க்க 2024-இல் பரவலாக வந்த வசதியும், எந்தப் படம் அதிக கிளிக் வாங்கியது என்று பார்த்து வெற்றியை முடிவுசெய்வதில்லை. எந்தப் படம் அதிகப் பார்க்கும் நேரத்தைக் கொண்டுவந்தது என்றுதான் பார்க்கிறது.

தேடலில் கதை தலைகீழ். அடுக்களைத் தரையெல்லாம் தண்ணீர். மெஷினுக்குள் சோப்புநீரில் ஊறிக்கிடக்கும் துணி. ஈரக்கையோடு போனை எடுக்கிறார் ஒருவர். அவருக்கு இப்போது தேவைப்படுவது ஒன்றே ஒன்று. அவருடைய வரலாறு இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. தட்டச்சு செய்த சொற்கள் முன்னுக்கு வருகின்றன. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், ஈடுபாடு, தரம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாக யூடியூப் சொல்கிறது. தலைப்பும் விளக்கக் குறிப்பும் வீடியோவில் பேசியதும் அவர் கேட்டதோடு பொருந்துகிறதா என்பதே பொருத்தம்.

இங்கே இம்ப்ரெஷனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்று ஒரு நாளில் தமிழில் எத்தனை பேர் தேடுகிறார்களோ, அதற்கு மேல் எந்தத் தம்ப்நெயிலாலும் கூட்டம் சேர்க்க முடியாது. நம் வீடியோ எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது ஒன்றுதான் அந்த வரம்புக்குள் நம் பங்கைத் தீர்மானிக்கும். ஆனால் இந்த வரத்து சட்டென வற்றாது. ஹோமில் ஒரு வீடியோவின் ஓட்டம் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். தேடலில் நாளுக்கு 100 முறை காட்டப்பட்டு 10 பேர் அழுத்தும் வீடியோ, மெஷின்கள் பழுதாகும் காலமெல்லாம் அதே 10 பேரைக் கொண்டுவந்துகொண்டிருக்கும். ஒரு வருடத்தில் அது 3,650 பார்வைகள். முதல் வாரக் கணக்கில் அந்த வீடியோ தோல்வியாகத் தெரியும் என்பதுதான் வேதனை. பலர் அந்த வாரத்திலேயே அந்த வகை வீடியோக்களைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

தேடல் எண்களில் எது பிழை என்பதைக் கண்டுபிடிக்கத் தம்ப்நெயிலைப் பார்ப்பதைவிடச் சொற்களைப் பார்ப்பது நல்லது. Studio-வில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸுக்குள் போய் YouTube search என்பதைத் தொட்டால், எந்தெந்தச் சொற்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். “வடிகால் பம்ப் செயலிழப்பு” என்று நாம் தலைப்பு வைத்திருப்போம். வந்தவர்கள் washing machine thanni pogala என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இப்படித் தேடுபவர்கள் ஏராளம். இம்ப்ரெஷன் குறைவாகவும் விகிதம் உயர்வாகவும் இருந்தால் பெரும்பாலும் இதுதான் நிலைமை: வீடியோ சரியானது, கேட்பவர்களின் பேச்சுமொழி தலைப்பில் இல்லை. “தண்ணி போகலையா?” என்று தலைப்பைத் தொடங்கி, விளக்கக் குறிப்பில் அந்த ஆங்கில எழுத்து வடிவத்தையும் சேர்த்தால் போதும். அந்தக் கேள்வியைத் தேடுபவர்களே மிகச் சிலர் என்பது இன்னொரு சாத்தியம். அப்படியானால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வருகிற சிலருக்கு விடை கிடைக்கிறது, அதுவே நிறைவு.

இம்ப்ரெஷன் அதிகமாகவும் விகிதம் மிகக் குறைவாகவும் இருந்தால் வேறு நோய். தலைப்பில் “வாஷிங் மெஷின்” என்ற பொதுச்சொல் மட்டும் முன்னால் நிற்பதால், எந்த மெஷின் வாங்கலாம் என்று தேடுபவர்களின் முன்னாலும் நம் வீடியோ போய் நின்றிருக்கும். அவர்கள் தாண்டிப் போவதில் தவறே இல்லை. தலைப்பைக் குறுக்கினால் இம்ப்ரெஷன் இறங்கும், விகிதம் ஏறும். இந்த இறக்கம் நல்லது.

பார்க்கும் நேரத்தையும் இங்கே வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். தேடி வந்தவருக்கு ஃபில்டர் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மூன்றாம் நிமிடத்தில் தெரிந்துவிட்டால், நான்காம் நிமிடத்தில் அவர் மெஷினுக்கு முன் குனிந்திருப்பார். 8 நிமிட வீடியோவில் சராசரி 3 நிமிடம் என்றால் அவருக்கு வேலை முடிந்தது என்றும் அது அர்த்தப்படலாம். அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலோர் போய்விட்டார்களா என்பதைத்தான் பார்வையாளர் தங்கும் வரைபடத்தில் தேட வேண்டும். ஹோமிலிருந்து வந்தவர் மூன்றாம் நிமிடத்தில் போவதும் இவர் போவதும் ஒன்றல்ல.

யூடியூப் தரும் பொது அளவுகோலையும் இந்த இடத்தில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு, கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. எல்லா இடங்களையும் கலந்த அகலமான வரம்பு அது. நம் ஹோம் விகிதம் 4 என்பது நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. நம்முடைய முந்தைய வீடியோக்கள், வெளியாகி அதே எண்ணிக்கை நாட்களில், ஹோமில் ஏறக்குறைய அதே இம்ப்ரெஷன் வாங்கியபோது எவ்வளவு பெற்றன என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். புதிய வீடியோவின் முதல் நாள் எண்ணைப் பழைய வீடியோவின் வாழ்நாள் எண்ணோடு ஒப்பிட்டால், வீடியோ எப்படியிருந்தாலும் தவறான விடைதான் வரும்.

சேனல் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இது. தம்ப்நெயிலைத் தொடும் முன் Browse features ஒரு வரிசை, YouTube search ஒரு வரிசை என்று கணக்கைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். முகப்பை நம்பிப் போட்ட வீடியோவுக்கு முதல் ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதலாம். தேடலை நம்பிப் போட்ட வீடியோவுக்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள். அதுவரை சொற்களின் பட்டியலை மட்டும் பார்த்து வாருங்கள்.