காகிதத் தொப்பியும் ஆறு நிமிடப் பேச்சும்

விழுப்புரம் மாவட்டம், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கரோனா பெருந்தொற்றால் மூடப்பட்டிருந்த தொடக்கப் பள்ளிகள் அதற்கு ஐந்து நாள்களுக்குப் பின்னர், நவம்பர் 1 அன்று திறந்தன. அன்று இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த ஏழு வயதுக் குழந்தை, முதல் வகுப்பில் ஒரு நாள்கூடப் பள்ளியில் அமர்ந்ததில்லை. அக்குழந்தை இழந்த எழுத்தையும் எண்ணையும் பற்றி நாம் நிறையப் பேசினோம். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்ப்பதையும், அதைப் புண்படுத்தாமல் பேசுவதையும் அது இழந்தது பற்றிப் பேசியது குறைவு.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து விட்டார்கள். ஆனால், விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளின் அடிப்படைச் சூழல் மாறிவிடவில்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்துகிறார். பொருளாதாரத்தின் மொழியில் சொன்னால், அவ்வகுப்பறையில் மிக அரிதான வளம் ஆசிரியரின் கவனமே. அதனைச் சிக்கனமாகச் செலவிட வழிகாட்டும் ஒரு பாடம், காகிதத் தொப்பி.

முதலில் பொருள். நாளிதழின் ஒரு விரிதாளை நடுவே கிழித்தால் இரண்டு தாள்கள். 24 குழந்தைகளுக்கு 12 விரிதாள்கள் வேண்டும். 16 பக்க நாளிதழ்கள் மூன்று போதும். கத்தரிக்கோலும் பசையும் தேவையில்லை.

அடுத்து படங்கள். ஆசிரியர் முன்னே நின்று செய்துகாட்டினால், கடைசி வரிசைக் குழந்தை தலைகீழாகவே பார்க்கிறது. ஒரு மடிப்பைத் தவறவிட்டால் "டீச்சர், எனக்கு வரல" என்ற குரல் எழுகிறது. படம் காத்திருக்கும், குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். ஜப்பானியக் காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950-களில் வகுத்த புள்ளிக்கோடு, அம்புக்குறி முறை உலகெங்கும் பரவியதற்குக் காரணம் இதுதான். அது மொழி தெரியாதவரையும் மடிக்க வைத்தது.

நல்ல படவரிசைக்கு ஒரே விதி: ஒரு படத்துக்கு ஒரு செயல். தொப்பிக்கு நான்கு படங்கள். முதற்படத்தில், குட்டையான விளிம்புகள் இரண்டும் சேருமாறு தாளைப் பாதியாக மடித்து, மடிப்பு மேலேயும் திறந்த பக்கம் கீழேயும் இருக்க வைக்க வேண்டும். இரண்டாவதில், இடமும் வலமும் சேர மடித்து மீண்டும் விரித்தால், நடுவே ஒரு கோடு விழும். மூன்றாவதில், மேல் மூலைகள் இரண்டையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கூரை போன்ற முக்கோணமும் அதன் கீழே ஒரு பட்டையும் கிடைக்கும். நான்காவதில், முன்பட்டையை மேலே மடித்து, தாளைத் திருப்பிப் பின்பட்டையையும் மடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் 'மடி', 'விரி', 'நீவு', 'திருப்பு' என்பதுபோல ஒற்றை வினைச்சொல் எழுதினால், அதுவே வாசிப்புப் பயிற்சியாகிவிடும்.

பிழை எங்கே நேரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். தாளை நீளவாக்கில் மடித்துவிட்ட குழந்தைக்கு மூன்றாம் படத்தில் பட்டை மிஞ்சாது; மூலைகள் கீழ்விளிம்பைத் தாண்டிப் போகும். திறந்த பக்கத்தை மேலே வைத்துவிட்டால், தூக்கியவுடன் கூரை பிளந்து விரியும். நான்காம் படத்தில் இரண்டு பட்டைகளையும் சேர்த்து ஒரே பக்கம் மடித்தால், தொப்பிக்கு வாய் இராது. மூன்று பிழைகளையும் தாளே காட்டிக் கொடுக்கிறது. ஆகவே, ஆசிரியர் கேட்க வேண்டியது "எந்தப் படம் வரைக்கும் உன் தாள் படம் மாதிரியே இருந்தது?" என்ற ஒரே கேள்விதான். குழந்தை பின்னோக்கிப் போய்த் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். முடித்தவர்கள் தொப்பியின் வாயைத் திறந்து சதுரமாக்கி, மேலும் சில மடிப்புகளில் அதையே கப்பலாக்கலாம். மற்றவர்களுக்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

காகித மடிப்பு நம்மூருக்குப் புதிதன்று. காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் டி. சுந்தர ராவின் ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளியானது. ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபல் வழிவந்த மழலையர் கல்வியின் காகித மடிப்பிலிருந்தே அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. பின்னர் அந்நூல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

இனி, பாடத்தின் இரண்டாம் பகுதியாகிய பேச்சு. நேரமில்லை என்று பெரும்பாலும் கைவிடப்படுவது இதுவே. 24 குழந்தைகளும் ஒரே வட்டமாக அமர்ந்து, ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு நிமிடம் என்றால் 24 நிமிடம் ஆகும். பத்தாவது தொப்பியிலேயே கவனம் கலையும். ஆறு பேர் கொண்ட நான்கு வட்டங்களாகப் பிரித்தால் ஆறே நிமிடத்தில் முடியும். ஒருவர் தம் தொப்பியை நடுவில் வைக்கிறார். வலப்பக்கத்தில் இருப்பவர் தாம் அதில் கண்ட ஒன்றைச் சொல்கிறார். செய்தவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். செய்தவர் பதில் சொன்னதும் முறை அடுத்தவருக்குப் போகிறது. யார் யாரைப் பற்றிப் பேசுவது என்பதை இருக்கை வரிசையே தீர்மானிப்பதால், எல்லோருக்கும் பிடித்த இரண்டு குழந்தைகளிடம் மட்டும் பாராட்டு குவிவதில்லை.

முதல் நாளில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றே சொல்வார்கள். அது பாராட்டு அன்று, வாய்ப்பாடு. "எந்த இடம் நல்லா இருக்கு? விரல் வச்சுக் காட்டு" என்று ஆசிரியர் கேட்டால் பேச்சு மாறும். "இந்த முனை கூரா வந்திருக்கு", "ரெண்டு ஓரமும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு" என்று குழந்தை சொல்லத் தொடங்கும். ஒரு தொப்பி கிழிந்திருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. "கிழிஞ்சதும் என்ன செஞ்ச?" என்று பக்கத்துக் குழந்தை கேட்கலாம். "மேல இன்னொரு மடிப்பு மடிச்சு மறைச்சேன்" என்ற பதிலில் அந்த வகுப்பின் சிறந்த கண்டுபிடிப்பு இருக்கக்கூடும். 'யாருடையது அழகு?' என்ற கேள்வியை மட்டும் எழுப்பக் கூடாது; அதற்கு ஒருவரே பதிலாவார், மற்ற ஐவர் தோற்றவராவர்.

பாராட்டின் சொற்களில் இத்தனை கவனம் தேவையா? கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகளைவிட, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பின்னும் விடாமல் முயன்றனர். அவர்கள் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள். ஏழு வயதினருக்கு அம்முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஆயினும், ஆளைப் பாராட்டாமல் வேலையைப் பாராட்டுவதில் இழப்பு எதுவும் இல்லை.

மென்மை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. காகிதக் கப்பலைப் பார்த்ததும் ஒரு குழந்தை வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைச் சொல்லத் தொடங்கலாம். அதைத் தடுக்கவும் வேண்டாம். மேலும் சொல்லுமாறு தூண்டவும் வேண்டாம். கேட்டுக்கொண்டு, அக்குழந்தையின் அருகில் இருந்தால் போதும்.

பேச விரும்பாத குழந்தை விரலால் சுட்டிக்காட்டினாலே ஏற்றுக்கொள்ளலாம். ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டியவையும் இரண்டே: எந்தப் படத்தில் குழந்தை நின்றது, பிறர் வேலையில் எதைக் கண்டு சொன்னது. இதற்கு மதிப்பெண் வேண்டாம்; மதிப்பெண் வந்துவிட்டால் குழந்தை பக்கத்துத் தொப்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.