அழுத்தாத 5 எங்கிருந்து வந்தது?

மின்னணுப் பூட்டில் இருக்கும் 16 பட்டன் கீபேடைக் கழற்றிப் பார்த்தால், அதிலிருந்து 8 கம்பிகள்தான் வெளியே வரும். நான்கு கிடைக்கம்பிகள், நான்கு நெடுக்கம்பிகள். அவை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் அந்த இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

எந்தப் பட்டன் என்று கண்டுபிடிப்பது மைக்ரோகண்ட்ரோலரின் வேலை. அது ஒரு நேரத்தில் ஒரு கிடைக்கம்பியை மட்டும் 0 வோல்ட்டுக்கு இறக்கும். பட்டன் அழுத்தப்படாத நெடுக்கம்பி, சிப்புக்குள் இருக்கும் புல்-அப் மின்தடையால் 5 வோல்ட்டில் நிற்கும். அழுத்தியிருந்தால் 0-க்கு இறங்கும். ATmega328P சிப்பில், கிடைக்கம்பிகள் D போர்ட்டின் முதல் நான்கு பின்களிலும் நெடுக்கம்பிகள் அடுத்த நான்கிலும் இருந்தால், நிரல் இவ்வளவுதான்:

```c
PORTD = 0xF0;
for (uint8_t r = 0; r < 4; r++) {
    DDRD = 1 << r;
    _delay_us(5);
    row[r] = (~PIND >> 4) & 0x0F;
}
DDRD = 0;
```

மற்ற மூன்று கிடைக்கம்பிகளும் அவுட்புட்டாக இல்லாமல் இன்புட்டாக இருப்பதைக் கவனியுங்கள். அவற்றை 5 வோல்ட்டில் வைத்தால், ஒரே நெடுக்கம்பியில் இரண்டு பட்டன்களை அழுத்தும்போது ஒரு பின்னின் 5 வோல்ட் இன்னொரு பின்னின் 0 வோல்ட்டோடு ஷார்ட் ஆகிவிடும். பட்டனின் உலோகம் அதிர்ந்து துள்ளும் என்பதால், சுமார் 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும்.

இனி பேய்க்கு வருவோம். கோஸ்ட் கீ என்று இதைச் சொல்கிறார்கள். 1, 2, 4 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 4-இன் கிடைக்கம்பி 0-க்கு இறங்கியதும், அந்த 0 வோல்ட் 4 வழியாக முதல் நெடுக்கம்பிக்கு ஏறி, 1 வழியாக மேல் கிடைக்கம்பிக்குத் தாவி, 2 வழியாக இரண்டாம் நெடுக்கம்பியில் இறங்கிவிடுகிறது. 5 அழுத்தப்பட்டதாகச் சிப் நினைக்கிறது. செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவது தானே முளைக்கும். இரண்டு பட்டன்களால் இது நேராது.

நான்கையும் உண்மையிலேயே அழுத்தினாலும் இதே அளவுதான் வரும். ஆகவே எவ்வளவு சாமர்த்தியமான நிரலாலும் உண்மையைப் பிரித்தெடுக்க முடியாது. சந்தேகம் வந்தால் மறுக்கத்தான் முடியும். இரண்டு கிடைக்கம்பிகளுக்குப் பொதுவாக இரண்டு நெடுக்கம்பிகள் இறங்கியிருப்பதே அடையாளம்:

```c
uint8_t c = row[i] & row[j];
if (c & (c - 1)) return GHOST;
```

ஒவ்வொரு கிடைக்கம்பி ஜோடிக்கும் இதைச் சோதித்து, பிடிபட்டால் அந்தச் சுற்றின் அளவைத் தள்ளிவிட்டு முந்தைய நிலையையே வைத்துக்கொள்ளலாம்.

முழுத் தீர்வு வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டனோடும் தொடராக ஒரு 1N4148 டயோடு. நெடுக்கம்பியிலிருந்து கிடைக்கம்பிக்கு மட்டும் மின்னோட்டம் போகும்படி வைத்தால், 1-இன் வழியாகப் பின்னோக்கி ஓடும் பாதை அடைபடும். ஒட்டுவகை மெம்ப்ரேன் கீபேடுக்குள் டயோடைச் செருக முடியாது. ரகசிய எண் தட்டும் பூட்டுக்கு அது தேவையும் இல்லை, மேலே சொன்ன சோதனையே போதும். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் இசைக் கீபோர்டு செய்பவர் டயோடில் மிச்சம் பிடிக்கக் கூடாது.