செம்மண் கலந்த செய்தி

பாடியில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. மனைவி வங்காளப் பெண், சாந்திநிகேதன் பக்கம். கம்பெனி அவனை ஆறு மாதத்துக்குப் புனே அனுப்பிவிட்டது. போனவன், ‘நாம் செம்மண்ணும் மழையும் போல’ என்று ஆங்கிலத்தில் அவளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினான். ‘அங்கே மழையா?’ என்று பதில் வந்தது.

“சித்தி, குறுந்தொகையைத்தானே அனுப்பினேன், ஏன் புரியல?” என்றான்.

அவன் எடுத்தது நாற்பதாம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் தெரியாததால், அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே அவன் விட்டது தெரியும். செம்மண் நிலத்தில் பெய்த மழையின் நீர் என்பது பொருள். அருகருகே நிற்கும் இரண்டு பொருள்கள் அல்ல அவை. மண்ணின் நிறம் ஏறிய ஒரே நீர்.

ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் மண்ணும் மழையும் தனித்தனியாகத்தான் வருகின்றன. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. பிரிக்க முடியாத கலப்பு என்று கடைசியில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். இவனோ அந்தப் பாதியை வெட்டிவிட்டு உவமையை மட்டும் அனுப்பியிருந்தான். மிஞ்சியது வானிலைச் செய்தி.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. பாட்டின் கீழே இருக்கும் கூற்றைப் படித்தால், தலைவன் ஏன் பேசுகிறான் என்பது தெரியும். இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி பயப்படுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு சொல்கிறான். பாட்டு முழுக்க ஆறுதல்தான். நம் இருவர் தாய்க்கும் தந்தைக்கும் உறவில்லை, நமக்குள்ளும் முன்பழக்கம் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லில்தான் நெஞ்சங்களைக் கலக்க விடுகிறான். உறவின்மையைச் சொல்லாமல் கலப்பை மட்டும் சொன்னால் அதற்கு வலு வராது.

அதனால் அதே வரிசையில் எழுதச் சொன்னேன். முதலில் அவள் பயத்தை அவன் கவனித்தான் என்பது. அடுத்து, பாடி எங்கே, சாந்திநிகேதன் எங்கே, உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரு மொழியில்கூடப் பேசிக்கொள்ள முடியாதே என்பது. உவமை கடைசியில்.

உவமைக்கு அவன் செங்குன்றத்தை நினைத்தான். பாடியிலிருந்து பக்கம்; ஊர்ப் பெயரிலேயே சிவப்பு இருக்கிறது. அவளுக்கு அது வெறும் பெயர் என்றேன். அவள் பிறந்த பீர்பூம் மாவட்டமே செம்மண் பூமி. மழை அறுத்த செம்மண் ஓடைகளை அங்கே ‘கோவாய்’ என்பார்கள், அந்த மண்ணை ‘ராங்கா மாட்டி’ என்பார்கள். ஆங்கிலச் செய்திக்குள் அந்த இரண்டு வங்காளச் சொற்களை மட்டும் அப்படியே வைத்தான்: கோவாயில் ஓடும் மழைத் தண்ணீரிலிருந்து ராங்கா மாட்டியை யார் பிரித்தெடுப்பார்?

இந்த முறை பதில் குரலாக வந்தது. பள்ளிவிட்டு மழையில் அந்த ஓடையைத் தாண்டி வந்த நாளில் வெள்ளைச் சட்டையில் பட்ட சிவப்பு, அம்மா எத்தனை முறை துவைத்தும் போகவில்லையாம்.