குழுவில் எழுதும் பாராட்டு

இக்காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் ஆசிரியர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நானுஓயாவில் எங்கள் பாடசாலையிலும் உண்டு. பாடவேளை மாற்றம், கூட்ட அறிவித்தல், மழையினால் வரமுடியாதவர்களின் செய்தி ஆகியவையெல்லாம் அதில்தான் வந்து சேரும். இளைய ஆசிரியர் ஒருவர் தாம் செய்த நல்ல வேலையொன்றை அங்கே இடும்போது மூத்தவர் எவ்விதம் பாராட்டுவது? எளிய காரியமென நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

தரம் நான்கில் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், ஓர் இரவு ஒன்பது மணியளவில் கைப்பட எழுதிய தாளொன்றின் படத்தைக் குழுவில் இட்டார். கழித்தல் பரீட்சையொன்றின் 28 விடைத்தாள்களை ஆராய்ந்து எழுதிய அட்டவணை அது. நான் பார்த்த மாத்திரத்தில், “மிக நன்று டீச்சர்! நீங்களும் அழகாகச் செய்துவிட்டீர்களே! தொடர்ந்து முன்னேறுங்கள்!” என்று எழுதினேன். அதிபர் எழுதிவிட்டாரென்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கைதட்டும் படங்களும் பூச்செண்டுப் படங்களும் வரிசையாக வந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஓர் எண்ணம் உறுத்தியது. எங்களில் எவரும் அந்த அட்டவணையைப் படிக்கவில்லை. ஆசிரியையிடமிருந்து “நன்றி” என்ற ஒரு சொல் மட்டுமே வந்தது.

மறுநாள் காலையில் என் வரிகளை நானே திரும்பப் படித்தேன். தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு உம்மையின் பொருள்கள் நினைவிருக்கும். அவற்றுள் ஒன்று இழிவு சிறப்பு. “நீங்களும்” என்று நான் எழுதிய உம்மை அத்தகையதே. ‘உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்பதை அது சொல்லாமற் சொல்லுகிறது. “செய்துவிட்டீர்களே” என்பதன் ஈற்று ஏகாரம் அந்த வியப்பை இன்னும் உறுதிப்படுத்துகிறது. “பரவாயில்லையே” என்று நாம் சொல்லும் சொல்லும் அவ்வினத்தைச் சேர்ந்ததுதான். நேரில் பேசும்போது முகமலர்ச்சியும் குரலின் கனிவும் இந்தக் குறையை மறைத்துவிடும். குழுவிலோ எழுத்து மட்டுமே நிற்கிறது. “அழகாக” என்ற சொல்லும் எனக்கு ஒன்றை நினைவூட்டியது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருப்பதைப் புகழ்ந்தார். அவை போருக்குப் போகாதவை என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள். ஒருவர் ஆராய்ந்து எழுதிய தாளை அழகு என்று மட்டும் சொன்னால், எண்ணாமலே நாமும் அந்த வஞ்சப் புகழ்ச்சியின் அருகே போய்விடுகிறோம்.

இது வெறும் இலக்கண நுட்பமன்று. வுல்ஃப்-உவே மேயர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். எளிதான வேலையொன்றை இருவர் சரியாகச் செய்து, அவர்களுள் ஒருவர் மட்டும் மிகுதியாகப் பாராட்டப்பட்டால், பார்க்கின்ற பெரியவர்கள் அவரையே திறமை குறைந்தவராகக் கருதக்கூடும். ‘இவருக்கு இதுவே பெரிய காரியம் போலும்’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். சிறு பிள்ளைகள் இவ்விதம் கணக்குப் பார்ப்பதில்லை. பாராட்டைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பறையில் பலன் தந்த எங்கள் “வெரி குட்” ஆசிரியர் குழுவில் பொருந்தாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளோடு பழகிய வாயை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களாகிய எங்களுக்கு எளிதில் வருவதில்லை.

ஆகையால் அந்த அட்டவணையை இம்முறை உட்கார்ந்து படித்தேன். 52-இலிருந்து 38-ஐக் கழிக்க என்பது ஒரு வினா, விடை 14. பதினொரு பிள்ளைகள் 26 என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியை அந்தப் பதினொன்றையும் ஒன்றாகச் சேர்த்து, அருகே காரணத்தையும் குறித்திருந்தார். இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாதாகையால் பிள்ளைகள் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு என்று எழுதுகிறார்கள். பிறகு ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்று நாம் சிவப்பு மையால் கோடிட்டுத் தள்ளும் விடைக்குப் பின்னால் ஒழுங்கான, ஆனால் பிழையான ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை வைத்திருக்கும் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்தாலும் பத்தும் பிழைக்கும்.

இதைப் புரிந்துகொண்டபின் குழுவில் மறுபடியும் எழுதினேன்: “டீச்சர், உங்கள் அட்டவணையை இன்றுதான் முழுவதும் படித்தேன். பிழைகளின் தொகையை மட்டும் எண்ணாமல் ஒரே வகைப் பிழைகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். 26 என்று எழுதிய பதினொரு பேரும் ஒரே விதியைப் பின்பற்றுகிறார்கள் என்பது அதனால்தான் எனக்குத் தெரிந்தது. இதுவரை அதைக் கவனக்குறைவென்றே எண்ணியிருந்தேன். தரம் ஐந்திலும் இதே வினாத்தாளைக் கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பிரதி தர இயலுமா?”

இவ்வரிகளில் ‘நன்று’ என்ற சொல்லே இல்லை. ஆசிரியை எடுத்த ஒரு முடிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது. அந்த முடிவினால் என்ன தெரியவந்தது என்பதும், அதனால் எழுதுபவரின் எண்ணம் எங்கே மாறியது என்பதும் இருக்கின்றன. இவற்றுள் கடைசியானதே மூத்தவர்களுக்குக் கடினம். ஆனால் மேலேயிருந்து முதுகில் தட்டிக்கொடுக்கும் தோரணையை அகற்றுவதும் அதுவே. ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவரைச் சிறுபிள்ளையாக நடத்த முடியாது.

எங்கள் மலைநாட்டில் இம்முறை புதியதன்று. தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர் நிறத்தையும் மணத்தையும் காரத்தையும் ஊறிய இலையின் தோற்றத்தையும் தனித்தனியே குறிக்கிறார். தொழிற்சாலையில் இருப்பவர் அதைக்கொண்டு வாட்டலையோ உலர்த்தலையோ திருத்திக்கொள்கிறார். ‘நல்ல தேயிலை’ என்று மட்டும் எழுதியனுப்பினால், நாளைக்கு எதை மாற்றாமல் வைத்திருப்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதிலும் சில இடங்களில் வழுக்கும். “மற்றவர்களும் இவரைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியைச் சேர்க்க எனக்கும் கை துறுதுறுத்தது. சேர்த்திருந்தால் மறுநாள் ஆசிரியர் அறையில் அந்த இளம்பெண்ணோடு எவர் தேநீர் அருந்துவார்? அட்டவணையில் ஒரு தலைப்பு விடுபட்டிருந்தது; அதை “ஆனால்” என்று தொடங்கிக் குழுவில் எழுதாமல் நேரில் சொன்னேன். “மகள்” என்று அழைப்பதும் அவ்வாறே. தனியே பேசும்போது அது அன்பு. முப்பது பேர் படிக்குமிடத்தில் அவருடைய ஆசிரியப் பதவியை அச்சொல் மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு சிறு வேலைக்கும் இவ்வளவு நீளமாக எழுதுவதும் தகாது. வரவு இடாப்பை நேரத்துக்கு அனுப்பியவருக்கு “கிடைத்தது, நன்றி” என்பதே போதும். அதற்குமேற் புகழ்ந்தால் மேயர் காட்டிய வியப்புக்கே இடமாகும்.

என் பாராட்டு சரியாகப் போய்ச்சேர்ந்ததா என்பதைப் பதிலைக்கொண்டு அறியலாம். வெறும் ‘நன்றி’ வந்தால் பேச்சு அங்கே முடிந்துவிட்டது. அன்று மாலை ஆசிரியை எழுதிய பதில் இது: “அதிபர் அவர்களே, பதினொன்று அல்ல, பன்னிரண்டு. ஒரு தாளை நான் வேறு வகையில் சேர்த்துவிட்டேன். தரம் ஐந்துக்குக் கொடுப்பதானால் 403-இலிருந்து 127-ஐக் கழிக்கும் கணக்கொன்றையும் சேர்ப்போம். நடுவிலே பூச்சியம் வரும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.”

மறு வாரம் அந்தக் கணக்கைச் சேர்த்தே வினாத்தாளை அச்சிட்டோம்.