எட்டு எலும்புக்கு ஒரு வாக்கியம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டு உடற்கூறியல் வகுப்பில் ‘மணிக்கட்டு எலும்புகள்’ என்று ஒரு ஸ்லைடு வரும். அதில் எட்டுப் பெயர்கள் வரிசையாக இருக்கும்: ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம், பிசிபார்ம், ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேப்பிடேட், ஹேமேட். ஆசிரியர் ஓரிரு நிமிடத்தில் அதைக் கடந்து அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். மாணவர் மட்டும் அதிலேயே நின்றுவிடுவார். பெயர்கள் புதியவை, ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியாதவை, அதிலும் இரண்டு பெயர்கள் இரட்டையர் போல ஒலிப்பவை.

இத்தகைய பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடக் கதையாகக் கோப்பது எவ்வளவு உதவும் என்பதை கார்டன் பவர், மைக்கேல் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 1969-இல் சோதித்தார்கள். பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்களை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு வழக்கம்போலப் படித்தது. இன்னொரு குழு ஒவ்வொரு பட்டியலையும் தானே ஒரு சிறு கதையாகக் கோத்துக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் கேட்டபோது, கதை கோத்தவர்கள் 93 சதவீதச் சொற்களைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு நினைவில் இருந்தது 13 சதவீதம்தான். கதையை யாரும் அவர்களுக்கு எழுதித் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மணிக்கட்டு எலும்புகளுக்கு ஆங்கிலத்தில் வாக்கியங்கள் உண்டு. சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு அவை கைமாறி வருகின்றன. அவற்றின் சிக்கல் ‘ட’ ஒலியில் இருக்கிறது. எட்டில் மூன்று எலும்புகள் அந்த ஒலியில் தொடங்குவதால், வாக்கியம் முழுதாக நினைவிருந்தும், எந்த ‘ட’ எந்த எலும்பைக் குறிக்கிறது என்பதில் மாணவர் தடுமாறுவார். முதல் எழுத்து மட்டும் போதாது. கூடவே இன்னும் கொஞ்சம் ஒலியும் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். தமிழில் நாமே ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

இந்த எலும்புகள் நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருப்பவை. முன்கையை ஒட்டியது முதல் வரிசை, விரல்களை நோக்கியது இரண்டாவது. ஆகவே வாக்கியமும் இரண்டு துண்டாக இருக்கவேண்டும். முதல் துண்டு: ‘ஸ்கூலுக்கு லேட்டு, ட்ரெயின் போயிடுச்சு.’ ஸ்கூல் என்றதும் ஸ்கேபாய்டு, லேட்டு என்றதும் லூனேட், ட்ரெயின் என்றதும் ட்ரைக்வெட்ரம், போயிடுச்சு என்றதும் பிசிபார்ம்.

இரண்டாவது துண்டுக்கு முதலில் தோன்றுவது ‘டிபனும் டீயும் கேன்டீனா, ஹோட்டலா?’ என்பது. கேன்டீனுக்குக் கேப்பிடேட், ஹோட்டலுக்கு ஹேமேட் பொருந்துகின்றன. ஆனால் டிபனும், டீயும் இரண்டுமே ‘உம்’ என்று முடிவதால் ட்ரபீசியம் எது, ட்ரபிசாய்டு எது என்ற பழைய குழப்பம் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் ஒரு சொல்லை மாற்றலாம்: ‘டிபனும் டீயோடு கேன்டீனா, ஹோட்டலா?’ டிபனும் என்பதன் கடைசி ஒலி ட்ரபீசியத்தோடும், டீயோடு என்பதன் கடைசி ஒலி ட்ரபிசாய்டோடும் இணங்கிப்போகிறது. பேச்சுவழக்கில் சற்று வளைந்த வாக்கியம்தான். அந்த வளைவே அதை மறக்கவிடாது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வாக்கியம் வரிசையைத் தரும், இடத்தைத் தராது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று தெரியாதவர் எட்டுப் பெயரையும் ஒப்பித்துவிட்டு, எக்ஸ்ரே முன்னால் தலைகீழாகச் சொல்வார். விதி ஒன்றுதான்: இரண்டு வரிசையும் கட்டைவிரல் பக்கம் தொடங்கிச் சுண்டுவிரல் பக்கம் முடிகின்றன. முதல் வரிசை சுண்டுவிரல் பக்கம் முடிந்ததும் அங்கிருந்தே திரும்பி வரக்கூடாது. மறுபடி கட்டைவிரல் பக்கம் போய்த்தான் இரண்டாவதைத் தொடங்கவேண்டும்.

வலது கை வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல, இடது கை விரலால் மணிக்கட்டைத் தொட்டுப் பழகுவது நல்லது. அப்போது இரண்டாவது வரிசைக்கு விரல்களே சாட்சி சொல்லும். கட்டைவிரலின் அடியில் ட்ரபீசியம், ஆள்காட்டி விரலின் அடியில் ட்ரபிசாய்டு, நடுவிரலின் அடியில் கேப்பிடேட், மோதிரவிரல், சுண்டுவிரல் இரண்டுக்கும் ஹேமேட். முதல் வரிசையில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிசிபார்ம் மற்ற மூன்றின் அருகே வரிசையாக நிற்பதில்லை, ட்ரைக்வெட்ரத்தின் மேல் உள்ளங்கைப் பக்கமாக உட்கார்ந்திருக்கும். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், ஏழு எலும்புதான் தெரிகிறது என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பில் உள்ளங்கையை அழுத்தினால், உருண்டையாக ஒரு பட்டாணி அளவில் கைக்குத் தட்டுப்படுவது இந்தப் பிசிபார்ம்தான்.

அடுத்தது, ஒவ்வொரு பெயரிலும் நோயாளி ஒருவரைக் கட்டி வைப்பது. முதல் பெயரையே எடுத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து விழும்போது கையை ஊன்றி விழுகிறார் ஓர் இளைஞர். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். ஒரு காலத்தில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய குழி அது. அங்கே அழுத்தினால் அவருக்கு உயிர் போகிற வலி. அதன் தரையில் இருப்பது ஸ்கேபாய்டு. அது முறிந்திருந்தாலும் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் குழியில் வலி இருந்தால், படம் சரியாக இருந்தாலும் கட்டுப்போட்டு, பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுப்பது வழக்கம். காரணம், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தம் இல்லாமல் செத்துவிடலாம். இதைப் படித்தவருக்கு ‘ஸ்கூல்’ என்ற சொல் ஒரு பெயரை மட்டும் கொண்டுவராது, எங்கே அழுத்திப் பார்க்கவேண்டும் என்பதையும் கொண்டுவரும்.

எல்லாப் பட்டியலுக்கும் வாக்கியம் செய்யத் தேவையில்லை. காரணம் புரிந்தால் தானாக வரிசைப்படும் விஷயத்துக்கு அது வீண் சுமை. தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் போன்றது வாக்கியத்தில் அடங்கவும் செய்யாது, பிரிந்தும் சேர்ந்தும் ஓடும் அதைக் கையால் வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். காரணம் எதுவும் சொல்லாமல் வெறும் பெயராக நிற்கும் பட்டியலுக்குத்தான் இந்த வித்தை.

வாக்கியம் பிடிபட்டதா என்று அறிய அதை ஒப்பித்துப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. நடுவிலிருந்து கேள்வி கேட்கவேண்டும்: லூனேட்டுக்கு நேர் எதிரே, விரல் பக்கம் எது? கேப்பிடேட் என்று உடனே வரவேண்டும். ‘ஸ்கூலுக்கு’ என்று தொடங்கி எண்ணினால்தான் வருகிறது என்றால் இன்னும் பழகவில்லை என்று பொருள். படித்த அன்று மாலை, மறுநாள், பிறகு ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவைத்து வெறும் தாளில் எட்டையும் வரைந்து பெயரிடுங்கள். தவறிய எலும்பை மட்டும் திருத்துங்கள். சில வாரத்தில் எலும்பைப் பார்த்ததும் பெயர் வரும், ட்ரெயினும் டிபனும் இடையில் வராது. அந்த நிலை வந்தபின் வாக்கியத்தை மறந்தாலும் நஷ்டமில்லை.